எந்த ரிமைண்டருக்கு எது: புஷ்ஷா, எஸ்எம்எஸ்ஸா, போனா, மெயிலா?

போன மாசம் ஒரே வாரத்துல மூணு பேர் ஒரே கேள்விய கேட்டாங்க. மூணு பேருமே சின்ன கிளினிக் நடத்துறவங்க, இல்லன்னா அந்த மாதிரி இடத்துல கம்ப்யூட்டர் வேலை பாக்குறவங்க. பேஷண்டுக்கு ரிமைண்டர் அனுப்பணும், ஆப் போட்டு புஷ் நோட்டிபிகேஷன் அனுப்பலாமா, எஸ்எம்எஸ் போதுமா, ஆள் வெச்சு போன் பண்ணணுமா, இல்ல மெயில்லயே முடிச்சுக்கலாமா, எதை எடுக்கறதுன்னு.

நான் திருப்பி கேட்டது, "எந்த ரிமைண்டருக்கு?" ஏன்னா ஒரே பேஷண்டுக்கு ஒரே வாரத்துல ஆறு ரிமைண்டர் போகுதுன்னு வைங்க, அந்த ஆறுக்கும் ஒரே வழிய எடுத்தா ரெண்டு மூணு கண்டிப்பா சொதப்பும். நான் சொதப்பி பார்த்துட்டேன், அதனால தைரியமா சொல்றேன்.

பேச்சு அந்தரத்துல போகாம இருக்க ஒரே ஒரு கேஸ எடுத்துக்கறேன், கொலோனோஸ்கோபி. குடலுக்குள்ள கேமரா விட்டு பாக்குற டெஸ்ட். இதை ஏன் எடுத்தேன்னா இதுக்கு பேஷண்டு வந்து படுத்தா மட்டும் போதாது, ரெண்டு மூணு நாள் முன்னாடிலேர்ந்தே கீரை, கொட்டை வகை, விதை இருக்கற பழம் எல்லாம் நிறுத்தணும், முந்தின நாள் முழுக்க தெளிவான திரவம் மட்டும்தான், சாயங்காலம் பேதி மருந்த லிட்டர் கணக்குல குடிக்கணும், விடியக்காலம் மறுபடியும் குடிக்கணும். இதுல ஒண்ணு தவறினா குடல் சுத்தமாகாது, உள்ள ஒண்ணும் தெரியாது, டாக்டர் பாதில நிறுத்திட்டு இன்னொரு நாள் வாங்கன்னு அனுப்பிடுவாரு. பேஷண்டுக்கு பட்டினியும் வீண், கிளினிக்குக்கு ஒரு ஸ்லாட்டும் வீண்.

## முதல்ல நடந்த கூத்து

நான் வேலை செஞ்சு குடுத்த ஒரு கிளினிக்ல, பேரு வேண்டாம், எல்லாத்தையும் எஸ்எம்எஸ்ல போட்டோம். மலிவு, ஈஸி, எல்லார்கிட்டயும் போன் இருக்குன்னு கணக்கு. அறுபது வயசு தாண்டின ஒரு பெரியவர், வியாழக்கிழமை காலைல 10 மணிக்கு டெஸ்ட். நாலு மெசேஜ் போச்சு, நாலுக்கும் "டெலிவர்ட்"ன்னு ரிப்போர்ட்டும் வந்துச்சு. வியாழக்கிழமை காலைல வந்து உக்காந்தாரு, ரிசப்ஷன்ல இருக்கற அக்கா "ஐயா, மருந்து ரெண்டு தடவையும் குடிச்சீங்களா?"ன்னு கேக்க, "என்ன மருந்தும்மா? ரெண்டு இட்லிதான் சாப்ட்டு வந்தேன், வெறும் வயிறா வரக்கூடாதுல்ல"ன்னாரு.

பதிவு பண்ணும்போது குடுத்த நம்பர் பையனோடது. பையன் வெளியூர்ல ஷிப்ட் வேலை. மெசேஜ் எல்லாம் அவனுக்கு ஒழுங்கா போய் சேந்திருக்கு, லோன் விளம்பரத்துக்கும் ரீசார்ஜ் மெசேஜுக்கும் நடுவுல. அவன் திறந்தே பாக்கல, அவன் மேல தப்பும் சொல்ல முடியாது, ஓடிபி வந்தா மட்டும்தான் நாமளும் அந்த இன்பாக்ஸ திறக்குறோம்.

அன்னைக்குதான் உறைச்சுது, நாங்க "எப்படி அனுப்பறது மலிவு"ன்னு மட்டும் யோசிச்சிருக்கோம்.

## எதை வெச்சு முடிவு பண்றது

இப்ப ஒவ்வொரு ரிமைண்டருக்கும் நாலு கேள்வி கேட்டுக்கறேன், முதல் கேள்வி மத்த மூணையும் விட பெருசு.

எத்தனை மணிக்கு மேல இது பிரயோஜனமில்லாம போகும்? அவசரம்னா என்னன்னு எல்லாரும் தப்பா புரிஞ்சுக்கற இடம் இதுதான். டெஸ்ட் வியாழக்கிழமைன்னா புதன்கிழமை போற மெசேஜ்தான் அவசரம், அதுக்கு முந்தின வெள்ளிக்கிழமை போறது நிதானமா போகலாம்னு தோணும். ஆனா பேஷண்டு ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவரா இருந்து, டாக்டர் அதை சில நாள் முன்னாடியே நிறுத்தச் சொல்லியிருந்தா, அந்த ரிமைண்டருக்கு கெடு வெள்ளி சனியோட முடிஞ்சுது. டெஸ்டுக்கு இன்னும் ஆறு நாள் இருக்கு, ஆனா லிஸ்ட்லயே அவசரமான ரிமைண்டர் இதுதான். டெஸ்டு தேதிய பாக்காதீங்க, ஆளு எதை செய்யணுமோ அதை செய்ய கடைசி நேரம் எதுன்னு பாருங்க.

பாத்தாரான்னு எனக்கு தெரிஞ்சாகணுமா? சிலதுக்கு தெரியலன்னாலும் பரவால்ல. சிலதுக்கு பதில் வராம நாம தூங்கவே முடியாது.

எவ்ளோ சொல்லணும், வெச்சு மறுபடி படிக்கணுமா? "நாளைக்கு 10 மணி"ங்கறது ஒரு வரி. என்ன சாப்பிடலாம் சாப்பிடக்கூடாதுங்கற லிஸ்ட் ஒரு பக்கம், அதை மூணு நாளும் எடுத்து எடுத்து பாக்கணும்.

இந்த வழிய எத்தனை தடவை ஏற்கெனவே தேச்சிருக்கோம்? தேவையில்லாததுக்கு நாலு தடவை போன் பண்ணினா அஞ்சாவது தடவை எடுக்க மாட்டாங்க. ஒவ்வொரு வழிக்கும் பேஷண்டுகிட்ட கொஞ்சம் மரியாதை இருக்கு, நாம அனுப்புற ஒவ்வொண்ணும் அதுலேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா செலவு பண்ணுது.

முழுசா படிக்க நேரமில்லாதவங்களுக்கு இந்த டேபிள், ஆனா இதுல இல்லாத சங்கதிதான் கீழ நிறைய இருக்கு.

| | புஷ் | எஸ்எம்எஸ் | போன் கால் | மெயில் |
|---|---|---|---|---|
| எவ்ளோ நேரத்துல கண்ணுல படும் | கைல போன் இருந்தா உடனே, இல்லன்னா தெரியாது | சில மணி நேரம்னு வெச்சுக்கங்க | எடுத்தா அந்த நொடி | ஒரு நாள், ரெண்டு நாள் |
| பாத்தாரான்னு தெரியுமா | தட்டினா தெரியும் | தெரியாது | தெரியும் | தெரியாது |
| எவ்ளோ சொல்லலாம் | ஒரு வரி | தமிழ்ல ரெண்டு வரி | அவர் நினைவுல நிக்கற அளவு | எவ்ளோ வேணா |
| மறைஞ்சிருக்கற செலவு | ஆப்பும் அதோட பராமரிப்பும் | டெம்ப்ளேட், தமிழ் எழுத்து கணக்கு | ஆள் நேரம் | ஸ்பாம் போல்டர் |
| எதுக்கு பொருந்தும் | அடிக்கடி வர்றவங்க | நாளைக்குள்ள செய்யவேண்டியது | இன்னைக்கே, தவறினா திருத்த முடியாதது | வெச்சு படிக்கவேண்டியது |

## புஷ் நோட்டிபிகேஷன்

அனுப்ப காசு கிடையாதுங்கறதால எல்லாருக்கும் முதல்ல இது மேலதான் ஆசை. ஆனா ஆப் வேணுமே! வாழ்க்கைல ஒரு தடவை கொலோனோஸ்கோபிக்கு வர்ற மனுஷன் அதுக்காக ஒரு ஆப்ப இறக்கி, லாகின் போட்டு வெச்சிருப்பாருன்னு நினைக்கறது நம்ம பேராசை.

சரி, இறக்கிட்டாருன்னே வைங்க. ஆண்ட்ராய்டு 13லேர்ந்து நோட்டிபிகேஷன் காட்ட ஆப் தனியா அனுமதி கேக்கணும், கேக்கும்போது வேண்டாம்னு தட்டிட்டாருன்னா நாம அனுப்புறது எதுவும் திரைல வராது. போன் அசையாம மேசை மேல கெடந்தா ஆண்ட்ராய்டு டோஸ்னு ஒரு தூக்கத்துக்கு போகும், நார்மல் பிரயாரிட்டில அனுப்பினது அது முழிக்கற வரைக்கும் காத்துட்டு கெடக்கும். இது போக சில கம்பெனி போன்கள் பேட்டரி மிச்சம் பிடிக்கறேன்னு பின்னணில ஓடற ஆப்ப எல்லாம் கழுத்த நெரிச்சுடும், செட்டிங்ஸ்ல போய் ஆட்டோஸ்டார்ட் குடுத்தாதான் உயிரோட இருக்கும். எந்த பெரியவர் போய் அதை ஆன் பண்ணப்போறாரு?

இன்னொண்ணு, பழசாகிப்போன புஷ். கூகுளோட சர்வர் வழியா போற மெசேஜ், போன் ஆப்லைன்ல இருந்தா, நாம ஒண்ணும் சொல்லலன்னா நாலு வாரம் வரைக்கும் பத்திரமா வெச்சிருந்து குடுக்கும். ராத்திரி 7 மணிக்கு குடிக்கவேண்டிய மருந்துக்கு அனுப்பின புஷ் சனிக்கிழமை வந்து "மருந்து குடிங்க"ன்னு சொன்னா என்ன ஆகும்? டெஸ்ட் முடிஞ்சு ரெண்டு நாளாச்சு, ஆளு பயந்து கிளினிக்குக்கு போன் போடுவாரு. அதனால காலாவதி நேரம் போட்டே ஆகணும்:

```json
"android": {
  "priority": "high",
  "ttl": "7200s"
}
```

7200 செகண்ட், அதாவது ரெண்டு மணி நேரத்துக்குள்ள போய் சேரலன்னா தூக்கிப் போட்டுடுன்னு அர்த்தம். அந்த ரெண்டு மணி நேரம் எங்கேர்ந்து வந்துச்சுன்னா நம்ம முதல் கேள்விலேர்ந்துதான், அதுக்கு மேல பிரயோஜனமில்ல.

புஷ் ஜெயிக்கற இடமும் இருக்கு. வாரத்துக்கு மூணு நாள் டயாலிசிஸுக்கு வர்றவங்க, தினம் பிசியோதெரபிக்கு வர்றவங்க, இவங்க போன்ல ஆப் இருக்கும், அனுமதியும் குடுத்திருப்பாங்க. "இன்னைக்கு உங்க மெஷின் அரை மணி லேட்டு"ன்னு ஒரு வரி தட்டினா போதும். இவங்களுக்கு அதுக்கெல்லாம் போன் பண்ணினாதான் எரிச்சல்.

தினம் காலைல 8 மணிக்கு மாத்திரை மாதிரி நேரம் முன்கூட்டியே தெரிஞ்ச ரிமைண்டர சர்வர்லேர்ந்து புஷ்ஷா அனுப்பவே அனுப்பாதீங்க. போனுக்குள்ளயே அலாரமா வெச்சுடுங்க, நெட் இல்லன்னாலும் அடிக்கும். ஆண்ட்ராய்டு 14ல துல்லியமா அடிக்கற அலாரத்துக்கும் பெரும்பாலான ஆப் அனுமதி கேட்டாகணும், அதை இன்ஸ்டால் பண்ற அன்னைக்கே ரிசப்ஷன்ல உக்கார வெச்சு வாங்கிடணும்.

## எஸ்எம்எஸ்

ஆப் வேண்டாம், நெட் வேண்டாம், பட்டன் போனுக்கும் போகும். இது மூணும் உண்மைதான், அதனாலதான் நான் இன்னும் நிறைய இடத்துல இதையே போடறேன்.

ஆனா தமிழ்ல அனுப்பினா கணக்கு மாறும். இங்கிலீஷ் எழுத்துல ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து, தமிழ்ல 70தான். அந்த 70ம் நாம எண்ணுற எழுத்து இல்ல. கொலோனோஸ்கோபிங்கற வார்த்தை நமக்கு ஆறு எழுத்து, போனுக்கு பன்னெண்டு, கொம்பு கால் புள்ளி எல்லாத்தையும் தனித்தனியா எண்ணும். இதை பாருங்க:

"நாளை காலை 10 மணிக்கு கொலோனோஸ்கோபி. இன்று இரவு 7 மணிக்கு மருந்து."

இது 64. ஒரு மெசேஜ்ல அடங்கிடுச்சு, சந்தோஷம். கடைசில ஒரு இடைவெளி விட்டு கிளினிக்கோட பத்து இலக்க நம்பர போட்டா 75. ரெண்டு மெசேஜ் ஆயிடுச்சு, காசும் ரெண்டு மடங்கு. மெசேஜ் துண்டா பிரிஞ்சா ஒவ்வொரு துண்டுக்கும் 67தான் மிஞ்சும், ஏன்னா ஒட்டவைக்கற விவரத்துக்கு கொஞ்சம் இடம் போயிடும். இதுல என்ன சாப்பிடலாம்ங்கற லிஸ்ட போட்டா எத்தனை துண்டு ஆகும்னு நீங்களே எண்ணிக்கங்க. தங்லிஷ்ல போட்டு 160 வாங்கிக்கலாம்னு சிலர் செய்றாங்க, பையன் படிச்சுடுவான், அப்பா படிக்க மாட்டாரு.

ரெண்டாவது டிஎல்டி, நிறுவனங்க அனுப்புற எஸ்எம்எஸ்ஸுக்கான பதிவு முறை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018ல கொண்டுவந்த விதிப்படி நம்ம கிளினிக், நம்ம அனுப்புற பேரு, அனுப்பப்போற வாசகம் மூணையும் முன்கூட்டியே பதிவு பண்ணி அனுமதி வாங்கணும். பேரு, நேரம் மாதிரி மாறுற இடத்த மட்டும் தனியா குறிச்சு விட்டுக்கலாம், மத்தபடி ஒரு வார்த்தை மாறினாலும் மெசேஜ் போகாது, பல நேரம் போகலன்னும் சத்தம் வராது, ரிப்போர்ட்ட தோண்டிப் பாத்தாதான் தெரியும். லிங்க் வெச்சீங்கன்னா அதையும் பதிவு பண்ணியிருக்கணும். இதோட விளைவு என்னன்னா, எதிர்பாராத விஷயத்துக்கு எஸ்எம்எஸ் ஆகவே ஆகாது. காலைல 7 மணிக்கு டாக்டர் வேற ஒரு எமர்ஜென்சில மாட்டிக்கிட்டாரு, டெஸ்ட் 12 மணிக்குன்னு புதுசா ஒரு வாசகம் டைப் பண்ணி அனுப்பிட முடியாது. "உங்க நேரம் மாறியிருக்கு, புது நேரம் இது"ன்னு ஒரு டெம்ப்ளேட்ட ஆறு மாசம் முன்னாடியே வாங்கி வெச்சிருந்தா உண்டு, இல்லன்னா இல்ல. பதிவு பண்ணும்போது எந்த வகைன்னும் பாத்துக்கங்க, தெரியாம விளம்பர வகைல போட்டுட்டா விளம்பரம் வேண்டாம்னு டிஎன்டில பதிவு பண்ணியிருக்கறவங்களுக்கு போகாது, ராத்திரி 9 மணிக்கு மேலயும் காலைல 10க்கு முன்னாடியும் போகாது. இப்பல்லாம் அனுப்புறவங்க பேருக்கு பின்னாடி ஒட்டியிருக்கற எழுத்த பாத்தா தெரிஞ்சுடும், -P வந்தா விளம்பரம், -S வந்தா சேவை. உங்க போனுக்கே ஒண்ணு அனுப்பி பாத்துடுங்க.

மூணாவது, "டெலிவர்ட்"ங்கற வார்த்தை. அது போனுக்கு போச்சுன்னு மட்டும்தான் சொல்லுது. "சரின்னா YES ன்னு பதில் அனுப்புங்க"ன்னு எங்கயாவது பாத்து காப்பி அடிச்சுடாதீங்க, நம்ம ஊர்ல எழுத்துல வர்ற அந்த பேருக்கு யாரும் பதில் அனுப்பவே முடியாது.

அதுக்கு நாங்க கண்டுபிடிச்சது, கண்டுபிடிச்சதுன்னு சொல்லக்கூடாது, நம்ம ஊர்ல காலகாலமா இருக்கறதுதான், மிஸ்டு கால். "படிச்சுட்டீங்கன்னா இந்த நம்பருக்கு ஒரு மிஸ்டு கால் குடுங்க". காசு இல்ல, டைப் பண்ண வேண்டாம், பட்டன் போன்லயும் நடக்கும், அந்த தலைமுறைக்கு சொல்லியே தர வேண்டாம். கிளினிக் பக்கம் அதுக்குன்னு ஒரு தனி சிம். எந்த நம்பர்லேர்ந்து வருதுன்னு பாத்து அவர் பேருக்கு நேரா டிக். டிக் விழாதவங்களுக்கு மட்டும் அடுத்த கட்டம். என்னைக் கேட்டா எஸ்எம்எஸ்ஸ உருப்படியாக்குறதே இந்த ஒண்ணுதான்.

## போன் கால்

பதில் உடனே கெடைக்கற ஒரே வழி. "புரிஞ்சுதா?"ன்னு கேக்கக்கூடாது, எல்லாரும் புரிஞ்சுதுன்னுதான் சொல்லுவாங்க. "எத்தனை மணிக்கு குடிப்பீங்க ஐயா, சொல்லுங்க"ன்னு கேக்கணும். எங்க ரிசப்ஷன் அக்கா ஒரு தடவை அப்படி கேட்டப்ப எதிர்ல ஒருத்தர் "காலைல சாப்ட்டு முடிச்சதும் குடிச்சுடுவேன்மா"ன்னாரு. எத்தனை எஸ்எம்எஸ் அனுப்பியிருந்தாலும் இது நமக்கு தெரிஞ்சிருக்காது.

செலவு ஆள் நேரம்தான். ஒரு கால் மூணு நிமிஷம்னு வைங்க, எடுக்காதவங்களுக்கு மறுபடி போடறதையும் சேத்து. நாப்பது பேருக்கு ரெண்டு மணி நேரம். அந்த ரெண்டு மணி நேரம் கவுண்டர்ல நிக்கறவங்கள யாரு பாக்கறது? மிஸ்டு கால் வெச்சு வடிகட்டினா இந்த நாப்பது பத்து பதினஞ்சா குறையும், அப்ப அரை மணி, முக்கால் மணில முடிஞ்சுடும்.

தெரியாத நம்பர இப்பல்லாம் யாரும் எடுக்கறதில்ல, அதுவும் திரைல ஸ்பாம்னு சிவப்பா வந்துட்டா கேக்கவே வேண்டாம். அதனால எப்பவும் ஒரே நம்பர்லேர்ந்து பேசுங்க, பதிவு பண்ற அன்னைக்கே அந்த நம்பர்லேர்ந்து ஒரு ரிங் விட்டு "ஐயா இது நம்ம ஆஸ்பத்திரி நம்பர், சேவ் பண்ணிக்கங்க"ன்னு பக்கத்துல நின்னு சேவ் பண்ண வெச்சுடுங்க. எடுக்கலன்னா உடனே இன்னொரு தடவை அடிங்க, பத்து நிமிஷம் கழிச்சு இல்ல. ஐபோன்ல டூ நாட் டிஸ்டர்ப்ல போட்டிருந்தாலும் திரும்பத் திரும்ப வர்ற காலுக்கு வழி விடற செட்டிங் இருக்கு, அது ஆன்ல இருந்தா அதே நம்பர்லேர்ந்து மூணு நிமிஷத்துக்குள்ள வர்ற ரெண்டாவது கால் சத்தமா அடிக்கும். ஆண்ட்ராய்டுலயும் இந்த மாதிரி ஒண்ணு உண்டு.

ரெக்கார்ட் பண்ணின குரல்ல தானா போற கால் பத்தியும் கேட்டாங்க, "உறுதி செய்ய ஒன்றை அழுத்தவும்" வகையறா. வயசானவங்ககிட்ட எனக்கு இது வேலைக்கு ஆகல. மெஷின் குரல் கேட்டாலே பேங்க் மோசடின்னு வெச்சுடறாங்க, வெக்கச் சொல்லித்தானே நாமளே பயமுறுத்தி வெச்சிருக்கோம்.

பேசினது காத்தோட போயிடும்ங்கறதையும் மறந்துடாதீங்க. நேரம், அளவுன்னு ஏதாவது எண் போன்ல சொல்லியிருந்தா அதையே எஸ்எம்எஸ்லயும் ஒரு வரி அனுப்பிடணும், இங்க எஸ்எம்எஸ் ரிமைண்டர் இல்ல, ரசீது மாதிரி.

## மெயில்

நாலுல இதுதான் மெதுவு, ஆனா நாலுல இதுல மட்டும்தான் முழு விஷயத்தையும் சொல்ல முடியும். தயாரிப்பு தாள் பிடிஎஃப்பா, மூணு நாள் சாப்பாட்டு லிஸ்ட், மருந்த எந்த அளவு தண்ணில கலக்கணும், கூட ஒருத்தர் ஏன் வரணும், காலண்டர்ல தானா ஏறிக்கற ஃபைல், எல்லாம் ஒரே இடத்துல. மறுபடி வேணும்னா தேடி எடுக்கலாம்.

மெயில பேஷண்டுக்கு அனுப்பறோம்னு நினைக்காதீங்க. நம்ம பெரியவர் மெயில் பாக்க மாட்டாரு, பையன் பாப்பான். ஆபீஸ்ல உக்காந்து பிடிஎஃப்ப திறந்து அம்மாவுக்கு போன் போட்டு "செவ்வாக்கெழமைலேர்ந்து கீரை வேண்டாம்மா"ன்னு சொல்றது அவன்தான். அதனால பதிவு பண்ணும்போது "உங்க வீட்ல மெயில் பாக்கறது யாரு?"ன்னு தனியா கேளுங்க, பேஷண்டுக்கு கைல ஒரு பிரிண்ட் குடுத்துடுங்க.

ஸ்பாம்ல விழாம இருக்க கிளினிக்கோட டொமைன்ல, மெயில் நிஜமாவே நம்மகிட்டேர்ந்துதான் வருதுன்னு காட்டற எஸ்பிஎஃப், டிகேஐஎம் ரெண்டும் போட்டு வெக்கணும், டொமைன் வாங்கிக் குடுத்த ஆளுகிட்ட கேட்டா அரை மணி நேர வேலை. எத்தனை பேர் திறந்தாங்கன்னு காட்டற எண்ணிக்கைய நம்பி ஏமாறாதீங்க. 2021லேர்ந்து ஆப்பிளோட மெயில் ஆப் ஆள் திறக்காமலே படங்கள முன்கூட்டி இறக்கிக்கற வசதி வெச்சிருக்கு, திறந்த மாதிரியே கணக்கு காட்டும்.

நாளைக்குள்ள ஆகவேண்டியது எதையும் மெயில்ல மட்டும் அனுப்பாதீங்க, அவ்ளோதான்.

(வாட்ஸ்அப் எங்கன்னு கேப்பீங்க. புஷ் மாதிரி நெட் வேணும், எஸ்எம்எஸ் மாதிரி எழுத்தா போகும், நீல டிக் வேற இருக்கு. அதுக்கு தனியா எழுதணும், இதுல திணிச்சா ரெண்டும் கெடும்.)

## அந்த பெரியவருக்கு இப்ப அனுப்பினா

வியாழக்கிழமை காலைல 10 மணி டெஸ்ட், முந்தின வெள்ளிக்கிழமை பதிவு. இப்ப எப்படி போகுதுன்னு வரிசையா சொல்றேன்.

வெள்ளி, பதிவு முடிஞ்ச கையோட பையனுக்கு மெயில், பெரியவர் கைல பிரிண்ட். ரத்தம் உறையாம இருக்கற மாத்திரை சாப்பிடறவர்ன்னா என்ன செய்யணும்னு டாக்டர் அன்னைக்கே முடிவு சொல்லிடுவாரு, நிறுத்தற நாள் அன்னைக்கு காலைல நர்ஸ் போன். இதுல எஸ்எம்எஸ்ஸே கிடையாது, நாமளா ஒரு வார்த்தை கூட்டிக் குறைச்சு சொல்றதும் கிடையாது, மாத்திரைய நிறுத்தறதும் நிறுத்தாததும் டாக்டர் எழுதினபடிதான். இங்க தவறினா புதன்கிழமை என்ன செஞ்சும் திருத்த முடியாது.

திங்கள் சாயங்காலம் எஸ்எம்எஸ், நாளையிலேர்ந்து கீரை, கொட்டை, விதை உள்ள பழம் வேண்டாம், படிச்சா மிஸ்டு கால். இதை பையன் நம்பர், வீட்டு நம்பர் ரெண்டுக்கும். மிஸ்டு கால் வரலன்னா செவ்வாய் காலைல போன். அரை நாள் தவறினா ஒண்ணும் குடி முழுகாது, அதனால முதல்லயே போன் வேண்டாம்.

புதன் காலைல 6 மணிக்கு எஸ்எம்எஸ், இன்னைக்கு திட ஆகாரம் இல்ல, இளநீர், பால் சேக்காத டீ, வடிகட்டின ஜூஸ், சிவப்பு கலர் எதுவும் வேண்டாம். 6 மணி ஏன்னா 8 மணிக்கு இட்லி வெந்துடும்.

புதன் சாயங்காலம் 5 மணிக்கு போன். மிஸ்டு கால் குடுத்தாரோ இல்லையோ, எல்லாருக்கும் கண்டிப்பா போன். மருந்து 7 மணிக்கு, போன் ஏன் 5 மணிக்குன்னு கேட்டா, அந்த ரெண்டு மணி நேரத்துக்காகத்தான்.

"ஐயா, மருந்து வாங்கியாச்சா?"

"பையன் வர்றப்ப வாங்கியாருவான்மா."

"பையன் எப்ப வர்றாரு?"

"காலைல பஸ்ஸுக்கு."

இது 5 மணிக்கு தெரிஞ்சா பக்கத்து வீட்டு ஆள மெடிக்கலுக்கு அனுப்பலாம், 7 மணிக்கு தெரிஞ்சா ஓட்டம், 9 மணிக்கு தெரிஞ்சா சின்ன ஊர்ல கடைய அடைச்சிருப்பான். அதே கால்ல விடியக்காலம் 5 மணி டோஸுக்கு போன்ல அலாரம் வெக்கச் சொல்லி, வெச்சுட்டீங்களான்னு கேட்டுட்டுதான் வெக்கறது. 5 மணிக்கு நாம போன் பண்ணி எழுப்ப வேண்டாம், எஸ்எம்எஸ் சத்தத்துக்கு யாரும் எழுந்திருக்க மாட்டாங்க, அலாரம்தான் அதுக்கு ஆளு.

வியாழன் காலைல நேரம் மாறினா போன், பேசினதுக்கு ரசீதா அந்த டெம்ப்ளேட் எஸ்எம்எஸ். டெஸ்ட் முடிஞ்சு ரிப்போர்ட் ரெடின்னா எஸ்எம்எஸ், ரிப்போர்ட்ட மெயில்ல. ஆனா சதை எடுத்து அனுப்பின ரிசல்ட்ல ஏதாவது சரியில்லன்னா அதுக்கு எஸ்எம்எஸ்ஸும் இல்ல, மெயிலும் இல்ல, டாக்டரே கூப்பிட்டு வரச்சொல்லி பேசறதுதான்.

எண்ணிப் பாத்தீங்கன்னா புஷ் இதுல ஒரு இடத்துலயும் வரல. அதே கிளினிக்கோட மாடில இருக்கற டயாலிசிஸ் யூனிட்ல பாதிக்கு மேல புஷ்தான் போகுது.

## அனுப்பாம நிறுத்தறது

இதை யாரும் கேக்கல, ஆனா அதிகமா திட்டு வாங்கறது இதுலதான். மேல சொன்ன எல்லாத்தையும் வெள்ளிக்கிழமையே வரிசைல போட்டு வெச்சுட்டோம்னு வைங்க, செவ்வாக்கெழமை பேஷண்டு தேதி மாத்திட்டாரு, ரிசப்ஷன்ல நோட்டுல மாத்தியாச்சு, வரிசைல மாத்தல. புதன் காலைல "இன்னைக்கு திட ஆகாரம் இல்ல"ன்னு போய் ஒருத்தர் சர்க்கரை வியாதியோட நாள் முழுக்க பட்டினி கெடந்தாரு. நல்லவேளை, சாயங்காலம் 5 மணி கால்ல தெரிஞ்சுது, உடனே சாப்பிடச் சொல்லிட்டு டாக்டர பேச வெச்சோம்.

அதுக்கப்புறம் மெசேஜ முன்கூட்டி வரிசைல போடறதையே விட்டுட்டேன். நேரத்த மட்டும் குறிச்சு வெச்சுட்டு, அந்த நேரம் வந்ததும் ஒவ்வொரு தடவையும் அப்பாயிண்ட்மெண்ட் இன்னும் அதே தேதியா, ரத்தாயிடுச்சா, ஆள் ஏற்கெனவே வந்துட்டு போயிட்டாரான்னு பாத்துட்டுதான் புரோகிராம் மெசேஜ கட்டும். அதுல இன்னொரு கட்டமும் சேத்தோம், குடும்பத்துலேர்ந்து யாராவது வந்து பேஷண்டு தவறிட்டாருன்னு சொன்னா ரிசப்ஷன்லயே ஒரே ஒரு டிக், அந்த பேருக்கு உள்ள எல்லாம் நிக்கும், ஆறு மாச ரிவ்யூ எஸ்எம்எஸ்ஸும் சேத்து. ஒரு வீட்டுக்கு அது போயிடுச்சு. அந்தம்மா போன் பண்ணி கத்தல, "அவரு வரமாட்டாரு தம்பி, எழுதிக்கங்க"ன்னு மட்டும் சொன்னாங்க.